பிறந்த குழந்தைக்குத் தைராய்டு மாத்திரை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"குழந்தை நல்லா பால் குடிக்குது, நல்லா தூங்குது. பார்த்தா எந்தக் குறையும் தெரியலை. நிஜமாவே மாத்திரை வேணுமா?"

வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பி போதுமான ஹார்மோனைச் சுரக்காத குறைபாடு ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டால் அன்றைக்கே தொடங்க வேண்டும். சுரக்காத அந்த ஹார்மோனைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறோம்.

வயிற்றில் இருக்கும்வரை தாயின் தைராய்டு ஹார்மோனில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் பிறந்தபோது எல்லாம் சரியாகத் தெரிகிறது. அந்தக் கையிருப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். அதன் பிறகு மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போகும், மலச்சிக்கல் வரும், தொப்புள் புடைக்கும், நாக்கு தடிக்கும், அழுகை கரகரக்கும். "எழுப்பினால்தான் பால் குடிக்கிறான், ரொம்ப சாது" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வதே சில நேரம் இந்தக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கும்.

இந்த அறிகுறிகள் தெரியட்டும் என்று காத்திருந்தால் மூளைக்கான நேரம் போய்விடும். முதல் மூன்று வருடம், அதிலும் முதல் சில வாரங்கள், மூளை வளர்வதற்கு இந்த ஹார்மோன் இருந்தே ஆக வேண்டும். பிறந்து இரண்டு வாரத்துக்குள் போதிய அளவில் மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கிறார்கள். மாதக்கணக்கில் தாமதமானால், அதற்குள் மூளைக்கு ஏற்பட்ட இழப்பை மாத்திரையால் முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. 1970களில் கனடாவின் கியூபெக்கில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கியது இதற்காகத்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நாட்களிலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

கழுத்து ஸ்கேன் எடுத்த பிறகு தொடங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சுரப்பி இருக்கிறதா, இடம் மாறி இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். பயனுள்ள தகவல்தான். ஆனால் ஸ்கேனுக்கு நாலு நாள் கழித்துத்தான் தேதி கிடைக்கிறது என்றால், அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

"பச்சைக் குழந்தைக்கு 37.5 எழுதியிருக்காங்க. எங்கம்மாவே 50தான் சாப்பிடறாங்க. இது அதிகமில்லையா?"

அதிகம் இல்லை. பிறந்த குழந்தைக்குத் தொடக்க அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு முழு அளவே கிலோவுக்கு ஏறக்குறைய 1.6தான். குழந்தையின் உடல் ஹார்மோனை வேகமாகச் செலவழிக்கிறது. காலியாகக் கிடக்கும் கையிருப்பையும் சீக்கிரம் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதனால் எடைக்குக் கணக்குப் பார்த்தால் குழந்தைக்குப் பல மடங்கு கூடுதல் தேவை.

உதாரணத்துக்கு ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். எடை 3.2 கிலோ. மூன்றாம் நாள் குதிகால் ரத்தம் எடுத்தார்கள், எட்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் நரம்பில் ரத்தம் எடுத்ததில், தைராய்டைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்எச் 100க்கு மேல், தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4 வெறும் 0.4. மூளையின் அடியிலிருந்து பிட்யூட்டரி "சுரந்து கொடு" என்று கத்துகிறது, தைராய்டால் கொடுக்க முடியவில்லை என்று இதற்கு அர்த்தம். அன்றே 37.5 மைக்ரோகிராம் தொடங்குகிறார்கள். 37.5ஐ 3.2ஆல் வகுத்தால் கிலோவுக்கு 11.7 வருகிறது. 10க்கும் 15க்கும் நடுவில் இருக்கிறது, சரி. உங்கள் குழந்தையின் சீட்டிலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த வரம்புக்கு வெளியே போனால் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். குறைபாடு லேசாக இருந்தால் குறைவாகவும் எழுதுவார்கள். ஆனால் காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

37.5க்குத் தனி மாத்திரை தேட வேண்டாம். 25 ஒன்று, 12.5 ஒன்று சேர்த்துக் கொடுக்கலாம். அல்லது 25 மாத்திரையில் ஒன்றரை. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் மாத்திரையை உடைத்தால் பாதி சரிபாதியாக இருப்பதில்லை.

கடையில் வாங்கும்போது இன்னொரு விஷயம். 12.5 என்று எழுதியதில் புள்ளி தெரியாமல் 125 கையில் வந்தால் அது பத்து மடங்கு. சில சீட்டுகளில் 25 மைக்ரோகிராமை 0.025 மில்லிகிராம் என்று எழுதுவார்கள், அங்கும் ஒரு சுழியம் விட்டுப்போனால் இதே கதைதான். ஒவ்வொரு முறை புது பாட்டில் வாங்கும்போதும் பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். கம்பெனியையும் அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில வாரம் கழித்து ரத்தம் பார்ப்பார்.

"மாத்திரையை எப்படிப் பொடி பண்ணிக் கொடுக்கறது? பாதி ஸ்பூன்லயே ஒட்டிக்குது."

ஒட்டிக்கொள்வதுதான் இதில் உண்மையான பிரச்சினை. இந்த மாத்திரை பாலில் சர்க்கரை மாதிரி கரைவதில்லை, நுண்ணிய தூளாக மிதந்து பிறகு அடியில் படிகிறது. அந்தப் படிவில்தான் மருந்து இருக்கிறது.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஈரமே இல்லாத இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மாத்திரையை வையுங்கள். இன்னொன்றின் அடிப்பக்கத்தை அதன்மேல் வைத்து முதலில் நேராக அழுத்துங்கள். எடுத்ததும் தேய்த்தால் மாத்திரை தெறித்து எங்காவது ஓடிவிடும். உடைந்த பிறகு வட்டமாகத் தேய்த்து, விரலில் பட்டால் முகப்பவுடர் மாதிரி இருக்கும்வரை நைசாக்குங்கள். அம்மி, உரல், மிக்ஸி எதுவும் வேண்டாம், இத்தனை சிறிய மாத்திரையில் பாதி அவற்றிலேயே போய்விடும். நிறைய மாத்திரைகள் இரண்டு சொட்டு பால் விட்டால் ஒரு நிமிடத்தில் தானாகவே உதிரும். அப்படி உதிர்ந்தால் அழுத்தும் வேலையும் மிச்சம்.

இப்போது அதே ஸ்பூனில் பிழிந்தெடுத்த தாய்ப்பால் ஒன்று முதல் இரண்டு மில்லி விடுங்கள். டீஸ்பூனில் பாதிகூட வராது. தேய்த்த ஸ்பூனின் அடியில் ஒட்டியிருக்கும் தூளும் பாலில் சேரும்படி அதைக் கொண்டே கலக்குங்கள். தாய்ப்பால் கைவசம் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். தேன் கூடவே கூடாது, ஒரு வயது ஆகும்வரை எந்தக் குழந்தைக்கும் தேன் ஆபத்து.

குழந்தையைத் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் வைத்து, ஸ்பூன் நுனியைக் கீழுதட்டில் வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த வாய். கலக்கியதும் தாமதிக்காமல் கொடுங்கள், வைத்திருந்தால் தூள் கீழே இறங்கிவிடும். கடைசியாக, இதை விட்டுவிடாதீர்கள்: காலியான ஸ்பூனை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் படலம் தெரியும். அதில் இன்னும் சில சொட்டு பால் விட்டு அலசி அதையும் கொடுங்கள். இரண்டாவது ஸ்பூனுக்கும் அதே. அப்புறம் மார்பில் பால் கொடுத்தால் வாயில் மிச்சம் இருப்பதும் உள்ளே போய்விடும்.

பாலாடையில் கொடுத்துப் பழகியவர்கள் அதிலேயே கொடுக்கலாம், ஆனால் அதன் குழிவான அடியில் தூள் தங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சிலும் கொடுக்கலாம், அங்கே குழாயின் சுவரில் ஒட்டும். எதில் கொடுத்தாலும் இரண்டாம் முறை அலசிக் கொடுப்பது பொது.

"பீடிங் பாட்டில்ல மொத்தமா கலந்துட்டா சுலபமா இருக்குமே?"

கலக்காதீர்கள். குழந்தை முக்கால் பாட்டில் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு தூள் பாட்டிலிலும் நிப்பிளிலும் ஒட்டும்.

"அப்போ ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கரைச்சு பிரிட்ஜ்ல வெச்சுக்கலாமா?"

அதுவும் வேண்டாம். நீரில் பட்ட பிறகு இந்த மருந்து வீரியம் இழக்கும், அடியிலும் படியும். திங்கட்கிழமை குறைவாகவும் சனிக்கிழமை கூடுதலாகவும் போகும். மருந்துக்கடையில் பொடித்துச் சிரப்பாகக் கலக்கித் தருவதையும் இதே காரணத்துக்காக நம்ப முடியாது.

மாத்திரையைக்கூட அதன் பாட்டிலிலேயே மூடி இறுக்கி வையுங்கள். வெயில், ஈரம் இரண்டுமே அதற்கு ஆகாது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியும் குளியலறையும் சரிப்படாது. படுக்கையறை பீரோ நல்ல இடம்.

"வெறும் வயித்துல கொடுக்கணும்னு சொல்றாங்க. இவ ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடிக்கிறாளே?"

பெரியவர்களுக்குச் சொல்லும் வெறும் வயிறு விதியைக் கைக்குழந்தையிடம் அப்படியே கொண்டுவர முடியாது. பசியில் அழும் குழந்தையை அரைமணி நேரம் காக்கவைப்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் ஒரே முறையில் கொடுப்பதுதான் முக்கியம். காலையில் முதல் பாலுக்குச் சற்று முன்னால் கொடுப்பது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாலோடு சேர்த்துக் கொடுப்பதால் உறிஞ்சுவது கொஞ்சம் குறைந்தாலும், தினமும் அதே அளவு குறைந்தால் மருத்துவர் ரத்த முடிவைப் பார்த்து அளவைச் சரிசெய்துவிடுவார். ஒருநாள் பாலுக்கு முன், ஒருநாள் பாலுக்குப் பின், ஒருநாள் சத்து மருந்தோடு என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் எந்த எண்ணையும் நம்ப முடியாமல் போகும்.

தாய்ப்பால் தடையே இல்லை, தொடர்ந்து கொடுங்கள். பவுடர் பால் கொடுப்பவர்கள் அது சோயா கலந்ததா என்று டப்பாவில் பாருங்கள். சோயா இந்த மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

"கொடுத்த உடனே கக்கிட்டான். திரும்பக் கொடுக்கணுமா? ஒருநாள் மறந்துட்டா?"

மருந்து கொடுத்து அரைமணிக்குள் நன்றாக வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை மறுபடி கொடுங்கள். அரைமணி தாண்டிவிட்டால் வேண்டாம். வாய் ஓரமாகக் கொஞ்சம் பால் வழிவது வாந்தி இல்லை, அதற்கெல்லாம் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை.

மறந்துபோனால், வழக்கமான நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே கொடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் எப்போதும்போலக் கொடுங்கள். நீங்களாக இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். இந்த ஹார்மோன் உடலில் நாட்கணக்கில் தங்குவதால் ஒருநாள் தவறியதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறுகிறது என்றால் மூளைக்குப் போவது குறைகிறது. காலண்டரில் தேதி கிழிக்கும்போது அந்தத் தாளின் பின்னால் கொடுத்த நேரத்தைக் குறித்து வைக்கும் வீடுகள் உண்டு. பாட்டியும் அம்மாவும் மாறி மாறிக் கொடுக்கும் வீட்டில் இப்படி ஏதாவது ஒரு குறிப்பு அவசியம். இல்லையென்றால் ஒன்று இருவருமே கொடுத்திருப்பார்கள், அல்லது யாருமே கொடுத்திருக்க மாட்டார்கள்.

"வைட்டமின் சொட்டு, இரும்புச்சத்து, வயித்துவலி சொட்டு எல்லாம் கூடவே கொடுக்கலாமா?"

இரும்பும் கால்சியமும் கூடவே கூடாது. வயிற்றில் இவை மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் தைராய்டு, சாயங்காலம் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. வைட்டமின் டி மட்டும் உள்ள சொட்டு மருந்தால் தொல்லை இல்லை, அதில் கால்சியமும் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் சிமெதிகோன் சொட்டும் உறிஞ்சுவதைக் குறைக்கலாம், அதையும் தள்ளியே கொடுங்கள். உரை மருந்தைப் பொறுத்தவரை, உள்ளே என்ன எவ்வளவு போகிறது என்று அளக்க முடியாததால் தவிர்ப்பதே என் கருத்து.

முன்னே சொன்ன பெண் குழந்தையின் கதையைத் தொடர்கிறேன். ஆறாம் மாதம்வரை எல்லாம் நன்றாகப் போகிறது. ஏழாம் மாதம் எடை 7.5 கிலோ, மருந்து 50 மைக்ரோகிராம், கிலோவுக்கு 6.7. அந்த வயதுக்கு 6 முதல் 8 என்பதால் போதுமான அளவுதான். ஆனாலும் டிஎஸ்எச் 3இலிருந்து 14க்கு ஏறியிருக்கிறது. அளவைக் கூட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "போன தடவைக்கும் இப்போதைக்கும் நடுவில் புதிதாக என்ன கொடுக்கிறீர்கள்?" பதில், இரும்புச்சத்து டானிக். காலையில் ஒரே வேலையாக முடியட்டும் என்று இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. டானிக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றி, ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அதே 50இல் டிஎஸ்எச் 3.5. இதைக் கேட்காமல் மாத்திரையை 75 ஆக்கியிருந்தால், பிறகு டானிக்கை நிறுத்தும் நாளில் குழந்தைக்கு மருந்து அதிகமாகியிருக்கும்.

"ரத்தம் எப்போ எல்லாம் எடுக்கணும்? அன்னைக்கு மாத்திரை கொடுக்கலாமா?"

தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் முதல் பரிசோதனை. டிஎஸ்எச் சரியாகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதன் பிறகு முதல் வயது முடியும்வரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வயதுவரை இரண்டு முதல் நாலு மாதத்துக்கு ஒருமுறை. அளவை மாற்றினால் நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி. குழந்தை வேகமாக எடை போடுவதால்தான் இத்தனை ஊசி. மூன்று கிலோவுக்கு எழுதிய அளவு ஆறு கிலோவுக்குப் போதாது.

ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரையைக் கொண்டுபோய், எடுத்த பிறகு கொடுங்கள். மாத்திரை கொடுத்த சில மணி நேரத்தில் ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறி நிற்கும், அது உண்மை நிலையைக் காட்டாது. முன்னாடியே கொடுத்துவிட்டால் குறைந்தது நாலு மணி நேரம் ஆன பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஃப்ரீ டி4 அந்த லேபின் இயல்பு வரம்பில் மேல் பாதியில் இருக்க வேண்டும். டிஎஸ்எச் அதன் வயதுக்கான வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சரியாகாது. முன்னே சொன்ன பெண் குழந்தைக்கு மருந்து தொடங்கிய இரண்டாம் வாரம் ஃப்ரீ டி4 1.6 ஆகிவிட்டது, ஆனால் டிஎஸ்எச் இன்னும் 18. பெற்றோர் பயந்துவிட்டார்கள். ஹார்மோன் வந்து சேர்ந்துவிட்டது, பிட்யூட்டரி அதை உணர்ந்து அடங்க இன்னும் கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவுதான். நாலாம் வாரம் 4.2.

"அதிகமாப் போயிட்டா எப்படித் தெரியும்?"

தூங்காமல் நச்சரிப்பது, காரணமில்லாமல் வியர்ப்பது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, நன்றாகக் குடித்தும் எடை ஏறாதது, நெஞ்சு படபடவென்று துடிப்பது. இவை வேறு காரணத்தாலும் வரும், அதனால் நீங்களாக மருந்தை நிறுத்தாமல் ரத்தம் பார்த்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் அளவு மிஞ்சினால் மண்டையோட்டு எலும்புகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளலாம், அதனால்தான் தலைச் சுற்றளவையும் ஒவ்வொரு முறையும் அளக்கிறார்கள். தவறுதலாக ஒரே நேரத்தில் பல மாத்திரை போய்விட்டாலோ, 12.5க்குப் பதில் 125 கொடுத்தது தெரியவந்தாலோ, காத்திருக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

"நானும் தைராய்டு மாத்திரை சாப்பிடறேன். தாய்ப்பால் வழியா அவனுக்குப் போயிடாதா?"

போகும் அளவு மிகக் குறைவு. அவன் குறையை நிரப்ப அது போதாது, அவனுக்குக் கெடுதலும் செய்யாது. உங்கள் மாத்திரையை நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டு பாட்டிலையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள், தூக்கக் கலக்கத்தில் மாறிவிடும்.

"வாழ்நாள் முழுக்கவா? அடுத்த குழந்தைக்கும் வருமா?"

சுரப்பியே உருவாகவில்லை, அல்லது நாக்கின் அடியில் இடம் மாறி நிற்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால் ஆயுள் முழுக்க. சுரப்பி சரியான இடத்தில் இருந்தால் குறைபாடு தற்காலிகமாகவும் இருக்கலாம். மூன்று வயது முடிந்ததும் மருத்துவர் சொல்லி நாலு முதல் ஆறு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள். டிஎஸ்எச் ஏறினால் நிரந்தரம், ஏறாவிட்டால் தொடர்ந்து கண்காணிப்பார்கள். இரண்டு வயதில் "நல்லாத்தானே ஓடி விளையாடுது" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். அவள் ஓடி விளையாடுவதே அந்த மாத்திரையால்தான்.

சுரப்பி உருவாகாமல் போன வகை பெரும்பாலும் குடும்பத்தில் மறுபடி வருவதில்லை. சுரப்பி இருந்தும் ஹார்மோன் தயாரிக்க முடியாத வகை வேறு. அது பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை. அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் இந்த வகை கூடுதலாகத் தெரிகிறது. அடுத்த முறை கர்ப்பமானதும் இந்த விவரத்தை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, குழந்தை பிறந்த மூன்றாம் நாளே டிஎஸ்எச் எடுக்கும்படி கேஸ் ஷீட்டில் எழுதச் செய்யுங்கள். முடிவு வரும்வரை வீட்டுக்குப் போனாலும் பரவாயில்லை, உங்கள் கைபேசி எண் மட்டும் அந்தத் தாளில் சரியாக இருக்கட்டும்.